குற்றாலம்: போகலாமா, வேண்டாமா?

"குற்றாலத்துக்கா? அங்கே தண்ணீரை விட தலைதான் அதிகம்!" போய் வந்தவர்கள் பாதிப்பேர் இப்படிச் சொல்கிறார்கள். மீதிப்பேர், "அந்தச் சுகம் வேறு எங்கே கிடைக்கும்?" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். வித்தியாசம் கிழமையில் இருக்கிறது.

சென்னை குமாஸ்தா ஒருவர் ஜூலை மாதம் சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை தென்காசியில் இறங்கி குற்றாலம் போய்ச் சேருகிறார். அதே ஞாயிறை நம்பி நெல்லை, மதுரை, விருதுநகரில் இருந்தும் வேன் வேனாக வந்து இறங்கியிருக்கிறார்கள். மெயின் அருவியில் நீண்ட வரிசை. முறை வந்து தலையை நீட்டினால், "போதும், நகரு நகரு" என்று போலீஸ் விசில்! ஒரு மணி நேரம் நின்று ஐந்து நிமிடம் குளித்தால் அதிர்ஷ்டம். சாயங்காலம் திரும்பவும் அதே ரெயில். இதற்கு வீட்டில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

அதே குடும்பம் செவ்வாய் அல்லது புதன்கிழமை போயிருந்தால் கதை வேறு. காலை 6 மணிக்கு அருவியில் நிம்மதியாக நிற்கலாம். மெயின் அருவி நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவழியில் 'பொங்குமாங்கடல்' என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அவ்வளவு உயர அருவியில் மனிதன் நின்று குளிக்க முடிவது அதனால்தான்.

தண்ணீர் உண்டா?

கூட்டத்துக்கு அடுத்த ஏமாற்றம் தண்ணீர் இல்லாதது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். மேற்கே கேரளாவில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, மலைக் கணவாய் வழியாக இந்தப் பக்கமும் சாரலாக எட்டிப் பார்ப்பதுதான் குற்றாலத்தின் ரகசியம். அங்கே மழை நாலு நாள் ஓய்ந்தால் இங்கே அருவி நூலாகிவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் வரும். ஆனால் அப்போது வெள்ளப் பயமும் உண்டு.

கிளம்பும் முன் பேப்பரில் இரண்டு சேதி பார்த்தால் போதும். "ஐந்தருவியில் ஐந்து கிளைகளிலும் தண்ணீர்" என்றிருந்தால் மூட்டை கட்டலாம். "இரண்டு கிளைகளில் மட்டும்" என்றால் யோசிக்கவேண்டும். "மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி தண்ணீர்" என்றிருந்தால் குளிக்கத் தடை இருக்கும். போனால் வேடிக்கைதான் பார்க்கலாம்.

விசில் ஊதினால் ஓடு!

இந்தத் தடையைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் 2024 மே 17-ந் தேதியை நினைத்துப் பார்க்கவேண்டும். அன்று பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அது சீசன்கூட இல்லை, கோடை மழை.

கீழே வெயில் அடிக்கும்போது மேலே காட்டில் மழை கொட்டும். மலை செங்குத்து. பெய்த தண்ணீர் சில நிமிஷங்களில் கீழே வந்துவிடும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலை, சுள்ளி, கல் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ துண்டு, செருப்பைத் தேடாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடவேண்டும். விசில் ஊதும் போலீஸ்காரரிடம் "இன்னும் ஒரு நிமிஷம் சார்" என்று கெஞ்சக்கூடாது. அந்த ஒரு நிமிஷம்தான் ஆளைக் கொல்கிறது.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டு அருவியில் குளிக்க ஐகோர்ட்டு மதுரைக் கிளை 2014-ல் தடை போட்டது. அப்படியும் ஒளித்து எடுத்துப்போகிறவர்கள் உண்டு. வழுக்கி விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான்.

ஆகவே தீர்ப்பு இது: சீசனில் வார நாளில், இரண்டு நாள் தங்கி, விடியற்காலை குளிக்க முடிந்தவர்கள் கண்டிப்பாகப் போகலாம். பகலில் குற்றாலநாதர் கோவிலையும், சுவர் நிறைய ஓவியம் உள்ள சித்திரசபையையும் பார்க்கலாம். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு என்பவர்கள் காசை மிச்சம் பிடித்து, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு லீவு கேட்டுப் பார்க்கட்டும். குற்றாலம் எங்கேயும் ஓடிப்போகாது.