தனிநபர் உத்தரவாதம்: நிறுவனரின் கையெழுத்தால் குடும்பச் சொத்து கடனுக்குள் வருவது எப்படி?

புது தில்லி: ஸ்டார்ட்-அப் தொடங்கும் இளைஞர்களில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்னும் வடிவத்தை. நிறுவனம் நொடித்தாலும் அதில் போட்ட பங்கு முதலீடு மட்டுமே போகும், வீடும் சேமிப்பும் தப்பும் என்பதே அதற்குக் காரணம். அந்தப் பாதுகாப்பு உண்மையானதுதான். ஆனால் வங்கிக் கடனுக்காக நிறுவனர் தனிநபர் உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது, அந்தக் கடனைப் பொறுத்தவரை அது முடிவுக்கு வந்துவிடுகிறது. பல வேளைகளில் அவருடன் சேர்ந்து தந்தையும் மனைவியும் கையெழுத்திடுகின்றனர். எந்தக் கையெழுத்து எந்தச் சொத்தைக் கடனுக்குள் கொண்டுவருகிறது என்பது, நிறுவனம் தவணை தவறும்போதுதான் குடும்பத்துக்குத் தெரியவருகிறது.

பிணையாளரின் பொறுப்பு எவ்வளவு?

இதற்கான அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது அதன் 128-ஆவது பிரிவு. முதலில் நிறுவனத்தின் சொத்துகளை விற்று, போதாத தொகைக்கு மட்டுமே பிணையாளரிடம் வர வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பீகார் வங்கி எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில், கடனாளியிடம் வசூலிக்கும் முயற்சிகள் முடியும்வரை வங்கி காத்திருக்கத் தேவையில்லை என 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலைப்பாடு இன்றும் தொடர்கிறது.

2019 டிசம்பர் 1 முதல் பிணையாளரின் நிலை மேலும் இறுகியது. நிறுவனங்களின் கடனுக்கு உத்தரவாதம் அளித்த தனிநபர்கள்மீது திவால் சட்டத்தின்கீழ் நேரடியாக நடவடிக்கை எடுக்கும் வழி அன்று நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட லலித் குமார் ஜெயின் வழக்கில், 2021 மே 21-இல் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிக்கையைச் செல்லும் என்றது. நிறுவனத்துக்கான தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டதாலேயே பிணையாளர் விடுபட்டுவிட மாட்டார் என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நிறுவனத்தின் கடனில் ஒரு பகுதியைத் திட்டம் குறைத்தாலும், குறைக்கப்பட்ட தொகையைப் பிணையாளரிடம் கேட்க வங்கிக்குத் தடையில்லை.

குடும்பம் உள்ளே வரும் வழிகள்

குடும்பத்தினர் கடனுக்குள் வரும் முதல் வழி இயக்குநர் பதவி. பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்கிறது நிறுவனங்கள் சட்டம். தனியாகத் தொழில் தொடங்குபவர், அந்த எண்ணிக்கையை நிறைவு செய்ய மனைவியையோ தாயையோ இரண்டாவது இயக்குநராகச் சேர்ப்பது வழக்கம். கடன் கொடுக்கும் வங்கிகள் பொதுவாக எல்லா இயக்குநர்களிடமும் உத்தரவாதம் கேட்கின்றன. அலுவலகத்துக்கு ஒருநாளும் வராதவரின் கையெழுத்துக்கும் நிறுவனரின் கையெழுத்துக்கும் சட்டத்தில் வேறுபாடில்லை.

இரண்டாவது வழி அடமானம். நிறுவனத்திடம் நிலமோ கட்டடமோ இல்லாதபோது, பெற்றோரின் வீட்டுப் பத்திரம் வங்கிக்குச் செல்கிறது. இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தந்தை வீட்டை மட்டும் அடமானம் வைத்தால், அவர் இழக்கக்கூடியது அந்த வீட்டோடு நிற்கும். அதே நாளில் உத்தரவாதப் பத்திரத்திலும் கையெழுத்திட்டால், அவருடைய வைப்புத்தொகை, வேறு மனை உள்ளிட்ட மற்றச் சொத்துகளும் கடனுக்குப் பொறுப்பாகின்றன. சொத்தின் உரிமையாளரிடம் இரண்டு ஆவணங்களையும் சேர்த்தே பெறுவது வங்கிகளின் வழக்கம்.

மூன்றாவது வழி வாரிசுரிமை. பிணையாளர் இறந்தாலும், அதுவரை ஏற்பட்ட கடனுக்கான பொறுப்பு மறைவதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாரிசுகள் தங்களுக்குக் கிடைத்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவர். அவர்களுடைய சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி தொட முடியாது.

கையெழுத்திடாத மனைவி சொந்த வருவாயில் வாங்கிய சொத்தும் அவருடைய சீதனமும் கணவரின் உத்தரவாதத்துக்குள் வருவதில்லை. கூட்டாக வாங்கிய வீட்டில் கணவரின் பங்கு மட்டுமே ஆபத்துக்கு உள்ளாகும். குடும்பச் சொத்து முழுவதும் தானாகவே கடனுக்குள் வந்துவிடும் என்ற அச்சம் சரியானதன்று. அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தந்த உறுப்பினரின் கையெழுத்தே.

ரூ.2 கோடிக் கடன்: ஓர் எடுத்துக்காட்டு

நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். பெங்களூருவில் இயங்கும் ஒரு ஸ்டார்ட்-அப், நடைமுறை மூலதனத்துக்காக ரூ.2 கோடி கடன் பெறுகிறது. நிறுவனர், இரண்டாவது இயக்குநரான அவருடைய மனைவி, வீட்டை அடமானம் வைத்த தந்தை ஆகிய மூவரும் உத்தரவாதம் அளிக்கின்றனர். தந்தையின் வீட்டின் சந்தை மதிப்பு ரூ.1.20 கோடி. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகியதால் நிறுவனத்தின் வருவாய் நின்றுபோகிறது. அப்போது வட்டியுடன் நிலுவை ரூ.1.85 கோடி.

நிலுவை 90 நாள்களைத் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அடுத்து, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வருகிறது. இச்சட்டத்தில் கடனாளி என்ற சொல் பிணையாளரையும் அடமானம் வைத்தவரையும் உள்ளடக்கியது என்பதால், தந்தைக்கும் நோட்டீஸ் உண்டு. அவர் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாள்களுக்குள் காரணத்துடன் பதிலளிக்க வேண்டும். 60 நாள்களுக்குள் பணம் கட்டப்படாவிட்டால், நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அதை எதிர்த்து 45 நாள்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் 'மகனின் நிறுவனத்திடம் முதலில் வசூலியுங்கள்' என்ற வாதம் அங்கே பொதுவாக எடுபடாது.

ரூ.1.20 கோடி மதிப்புள்ள வீடு ஏலத்தில் ரூ.95 லட்சத்துக்குப் போவதாகக் கொள்வோம். நிறுவனத்தின் சொத்துகளைக் கலைத்ததில் வங்கிக்கு ரூ.25 லட்சம் கிடைக்கிறது. மென்பொருளையும் மடிக்கணினிகளையும் நம்பி நடக்கும் ஸ்டார்ட்-அப்பில் விற்பதற்கு அதிகம் இருப்பதில்லை. வட்டி சேர்வதைத் தவிர்த்துக் கணக்கிட்டாலும் ரூ.65 லட்சம் மீதம் நிற்கிறது. வீடு போனதோடு கணக்கு முடிந்தது எனக் குடும்பம் கருதும் இடம் இதுவே. ஆனால் மூவரும் அந்த ரூ.65 லட்சத்துக்கு இன்னும் பொறுப்பாளிகள். யாரிடமிருந்து முதலில் வசூலிப்பது என்பதை முடிவு செய்வது வங்கி.

இப்போது கவனம் நிறுவனரும் மனைவியும் சேர்ந்து வாங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கம் திரும்புகிறது. மனைவி கையெழுத்திடாமல் இருந்திருந்தால் அவருடைய பாதி தப்பியிருக்கும். இருவருமே பிணையாளர்கள் என்பதால், வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்குச் சேர வேண்டியது போக, எஞ்சிய மதிப்பு முழுவதும் கேள்விக்குள்ளாகிறது.

சட்டம் விட்டுவைப்பது என்ன?

திவால் நடவடிக்கையில் சில சொத்துகளுக்கு விலக்கு உண்டு. தொழிலுக்குத் தேவையான கருவிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மத வழக்கப்படி பிரிக்க முடியாத ரூ.1 லட்சம் வரையிலான நகைகள் ஆகியவை அவற்றில் சில. குடியிருக்கும் ஒரே வீட்டுக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் அதன் மதிப்பு நகர்ப்புறத்தில் ரூ.20 லட்சத்தையும் ஊரகத்தில் ரூ.10 லட்சத்தையும் தாண்டக் கூடாது. அதன்மீது அடமானமும் இருக்கக் கூடாது. பெருநகரத்தில் கடன் வாங்கி வாங்கிய வீடு இந்த இரண்டு நிபந்தனைகளிலும் தோற்றுவிடும்.

நெருக்கடி வந்தபின் சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றுவது பாதுகாப்பாகாது. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றத்தை ரத்து செய்யச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இடமளிக்கிறது. திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் குறைந்த விலைக்குச் செய்த பரிமாற்றங்களையும் கேள்விக்கு உட்படுத்தலாம். மேலும், கடன் பெறும்போது பிணையாளர்கள் கையெழுத்திட்டுத் தரும் சொத்து விவரப் பட்டியல் வங்கியிடம் இருக்கும். அதிலிருந்த மனை பின்னர் காணாமல்போனால் முதலில் கேள்வி எழுவது அங்கேதான்.

அரசு உத்தரவாதம் யாருக்கு?

சிறு தொழில்களுக்கான சி.ஜி.டி.எம்.எஸ்.இ., ஸ்டார்ட்-அப்களுக்கென 2022-இல் அறிவிக்கப்பட்ட கடன் உத்தரவாதத் திட்டம் ஆகியவை, சொத்து அடமானமின்றிக் கடன் பெற உதவுகின்றன. பெற்றோரின் வீட்டைக் காப்பதில் இவற்றின் பயன் பெரிது. ஆனால் இந்த உத்தரவாதம் வங்கியின் இழப்புக்கானது, நிறுவனருக்கானது அன்று. வங்கிக்கு இழப்பீடு கிடைத்த பிறகும் கடனாளியின் பொறுப்பு நீங்குவதில்லை. வசூல் நடவடிக்கை தொடர வேண்டும். வெளியாரின் உத்தரவாதத்தைத் தவிர்க்கும் இத்திட்டங்களிலும், தொழிலை நடத்துபவரின் சொந்த உத்தரவாதம் பொதுவாகக் கேட்கப்படுகிறது.

பேசுவதற்கான நேரம்

128-ஆவது பிரிவில் உள்ள 'வேறுவிதமாகக் கூறப்படாதவரை' என்ற சொற்களே நிறுவனருக்கு இடமளிக்கின்றன. உத்தரவாதத்துக்கு ரூபாயில் உச்சவரம்பு வைக்கலாம். வீட்டை அடமானம் வைக்கும் தந்தையின் பொறுப்பு அந்த வீட்டோடு நிற்கும் எனப் பத்திரத்தில் எழுதக் கோரலாம். பெயரளவு இயக்குநரை, கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மாற்றிவிடலாம். எல்லா வங்கிகளும் ஏற்கும் என்பதில்லை; எனினும் கடன் தொகை வழங்கப்பட்ட பிறகு இவற்றைக் கேட்க வாய்ப்பே இருக்காது.

நிறுவனத்தைவிட்டு வெளியேறுபவர்கள் மறந்துவிடும் மற்றொன்றும் உண்டு. இயக்குநர் பதவியிலிருந்து விலகினாலும், பங்குகளை முதலீட்டாளரிடம் விற்றாலும் உத்தரவாதம் தானாக முடிவதில்லை. வங்கி எழுத்துப்பூர்வமாக விடுவித்தால்தான் அது முடியும். பதவி விலகல் கடிதம் கொடுக்கும் நாளிலேயே அந்த விடுவிப்பையும் வங்கியிடம் கேட்டுப் பெறாதவர், தான் இல்லாத நிறுவனம் நாளை வாங்கும் கடனுக்கும் பதில் சொல்ல நேரிடலாம்.