சாவா மூவாப் பேராடும் நேர்காணல் அறையும்

2022 ஜனவரியில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மருத்துவப் படிப்புக்கான கலந்தாய்வுக்குச் சென்னை வந்தார். நீட் எழுதி, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுத் தரவரிசையில் இடம்பிடித்திருந்தார். கேமராக்கள் சூழ்ந்துகொண்டன. மருத்துவம் படித்த மகனின் யோசனையைக் கேட்டு, அந்த இடம் ஓர் இளம் மாணவருக்குப் போகட்டும் என்று கடைசியில் விலகிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் செய்தது சரி. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், பயிற்சி ஒரு வருடம். முடிக்கும்போது அவருக்கு 66, 67 வயது ஆகியிருக்கும். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சட்டம் போட்டு ஒதுக்கிய சில நூறு இடங்களில் அது ஒன்று. எனக்கு அந்த முடிவோடு சண்டை இல்லை. அந்தக் கைதட்டலோடுதான் சண்டை. ‘வயசானவங்க வழிவிடணும்’ என்ற வாக்கியம் அன்றைக்குப் பொதுவிதியாகிவிட்டது. மருத்துவ இடத்துக்குப் பொருந்தும் நியாயத்தை, கல்வெட்டு படிக்க வருபவர்மீதும் வரலாறு படிக்க வருபவர்மீதும் அப்படியே தூக்கிப் போடுகிறோம்.

திருவண்ணாமலை மாதிரி ஊரில் இது இன்னும் சுலபம். ஓய்வுபெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இங்கே தயார் பதில் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது, ஆசிரமங்கள் இருக்கின்றன. ‘காலைல எழுந்து மலையச் சுத்துங்க சார், மனசு லேசாகும்.’ அந்தக் கோயில் மதில்களில் சோழர், ஹொய்சளர், விஜயநகர காலக் கல்வெட்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றை பி.ஆர். ஸ்ரீனிவாசன் பதிப்பிக்க, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. மலையைச் சுற்றும் மனிதர், ‘நான் இந்தச் சுவரை முறையாகப் படிக்க விரும்புகிறேன்’ என்று ஒரு பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறார். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கு வந்து உட்கார்கிறார். குழு மூன்று கேள்வி கேட்கும். ‘இந்த வயசுல எதுக்கு சார்?’ ‘முடிப்பீங்களா?’ ‘முடிச்சு என்ன பண்ணப் போறீங்க?’

மூன்றுமே தவறான கேள்விகள். இதை நான் சொல்லவில்லை, விதி சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், நேர்காணலில் எதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று அம்சங்களைக் குறிப்பிட்டன. எடுத்துக்கொண்ட ஆய்வைச் செய்யும் திறன் விண்ணப்பதாரருக்கு இருக்கிறதா? அந்த ஆய்வை இந்த நிறுவனத்தில் செய்ய முடியுமா? அதனால் புதிய அறிவு ஏதாவது சேருமா? அவ்வளவுதான். வயதும் இல்லை, வேலையும் இல்லை. 2022இல் புதிய விதிகள் வந்தன. அவற்றிலும் வயது உச்சவரம்பு கிடையாது. குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு வருடம் என்ற கெடு மட்டும் உண்டு.

‘அரசுப் பணம் வீணாகும்’ என்பது அடுத்த வாதம். எந்தப் பணம்? யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, தளர்வு சேர்த்தாலும் 35. நம் செயலாளருக்கு அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. அவர் தன் ஓய்வுக்கால வருமானத்தில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்.

ஒரு வாதம் மட்டும் நேர்மையானது: இடம். 2022 விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு முனைவர் பட்ட மாணவர்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு. கல்வெட்டியல் தெரிந்த வழிகாட்டிகள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஆகவே பெரியவர் ஒருவர் உள்ளே போனால், இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவருக்கு அந்த வருடம் இடம் இல்லாமல் போகலாம். இதை மறைத்துவிட்டு ‘வயது ஒரு எண்தான்’ என்று பாடுவது அயோக்கியத்தனம். ஆனால் இடம்தான் பிரச்சினை என்றால் அதை இடமாகவே பேச வேண்டும். உதவித்தொகை முடியும்வரை பெயரை வைத்திருந்துவிட்டு, வேலை கிடைத்ததும் ஆய்வேட்டைக் கைவிடும் 28 வயதுக்காரரும் அதே நான்கில் ஒன்றைத்தான் பிடித்திருக்கிறார். அவரிடம் யாரும் ‘முடிப்பீங்களா’ என்று சந்தேகத்தோடு கேட்பதில்லை. இரண்டு பேரின் ஆய்வுக் கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது கனமோ அதற்கு இடம் கொடுங்கள். இளையவருடையது கனமாக இருந்தால் பெரியவர் வெளியே போகட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இனி பெரியவர் பக்கம் வருவோம். அங்கேயும் தப்பு இருக்கிறது. ‘எதுக்கு சார்’ என்று கேட்டதும் பெரும்பாலும் வரும் பதில், ‘சின்ன வயசுலேர்ந்து ஆசை சார், குடும்பச் சூழ்நிலை விடல.’ கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் திறன், நிறுவனம், புதிய அறிவு என்ற மூன்றில் எதற்கும் இது பதில் இல்லை. இன்னும் மோசமானது, ‘எங்க ஊர்க் கோயிலோட பெருமைய உலகத்துக்குச் சொல்லணும்.’ பெருமை என்பது ஆய்வுக்கு முன்பே முடிவைத் தெரிந்துவைத்திருப்பது. குழு அந்த இடத்தில் நிராகரித்தால் நான் குழுவின் பக்கம்.

ஆர்வத்தை வாயால் நிரூபிக்க முடியாது. செய்த வேலையால்தான் முடியும். நம் செயலாளர் வேறு மாதிரி பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுப்பார்கள். பல ஊர்களில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. கல்வெட்டு இவற்றை ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். ஆடு சாகும், ஆனால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை 96ஆகவே நிற்கும். ஆகவே மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. மந்தையைப் பொறுப்பேற்ற இடையர் கோயிலுக்குத் தினமும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கணக்கு இன்னும் துல்லியம். ஒரு விளக்குக்குத் தினம் ஒரு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை.

எல்லோரும் இந்த எண்களைப் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். பால் சங்கத்துக்காரர் நிற்பார். ‘சார், ஒரு எருமைக்கு மூணு பசு சமம்னு வருது. எருமைப் பால்ல கொழுப்பு ஏழு சதவீதம், பசும்பால்ல நாலுன்னு வச்சா, ஒரு லிட்டருக்கு ஒண்ணே முக்கால் மடங்கு நெய்தான் கூட வரும். மூணு மடங்கு வரணும்னா எருமை, பசுவை விட ஒண்ணே முக்கால் மடங்கு பாலும் கூடக் கறக்கணும். அப்படிக் கறந்துச்சா? இல்ல, இந்த எண்ணு பால் கணக்கே இல்லையா? மாட்டோட விலைக் கணக்கா?’

இதுதான் ஆய்வுக் கேள்வி. அதற்கு எல்லையும் தெரிகிறது. இன்றைய கொழுப்புச் சதவீதத்தை ஆயிரம் வருடம் பின்னால் கொண்டுபோக முடியாது. எந்த மந்தையிலும் எல்லா மாடும் ஒரே நேரத்தில் கறவையில் இருக்காது. இடையர் தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டார் என்பதும் கணக்கில் வர வேண்டும். சரிபார்க்க வழியும் இருக்கிறது. சில இடங்களில் 96க்குப் பதில் 90 ஆடு வருகிறது. எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் 90, எங்கே 96 என்று பட்டியல் போட வேண்டும். விளக்குக்கு ஆட்டுக்குப் பதில் பொன் கொடுத்த கல்வெட்டுகளைப் பக்கத்தில் வைத்து, பொன்னும் மந்தையும் ஒரே விகிதத்தில் நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சேர்ந்து நகர்ந்தால் அது விலைக் கணக்கு என்று வாதிடலாம். பொன் மாறியும் மந்தை அசையாமல் நின்றால் கறவைக் கணக்கு என்ற பக்கம் கனக்கும். ஆறு வருடத்தில் முடியக்கூடிய வேலை.

குழு இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘கல்வெட்டை நேரில் படிக்கத் தெரியுமா?’ மேசைமேல் ஒரு மசிப்படியை வைக்கட்டும். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. நடுவில் கிரந்த எழுத்து வரும். பத்து நிமிடம் போதும். அச்சுப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவர் யார், சுவருக்கு முன் நின்றவர் யார் என்று தெரிந்துவிடும். அவர் திணறினால், ‘ஒரு வருஷம் எழுத்து கத்துக்கிட்டு வாங்க ஐயா’ என்று அனுப்பலாம். அது நியாயமான நிராகரிப்பு. 61 வயதுக்காரருக்கும் 24 வயதுக்காரருக்கும் ஒரே நிராகரிப்பு.

பாட்னாவில் ராஜ்குமார் வைஷ்யா 2015இல் நாலந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரத்துக்குச் சேர்ந்து, 2017இல் 97 வயதில் தேறினார். ஊடகங்கள் அவர் வயதை எழுதின, மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுதியதை எழுதின. இந்தியாவில் ஏன் வறுமை தீரவில்லை என்று புரிந்துகொள்ளத்தான் படிப்பதாக அவர் சொன்னார். அதற்கு என்ன விடை கண்டார் என்று அவரை உட்காரவைத்துக் கேட்ட பேட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை. வியந்து எழுதும் செய்தியாளரும், சந்தேகத்தோடு பார்க்கும் நேர்காணல் குழுவும் எதிரெதிர் ஆட்கள் என்று நினைக்கிறோம். இரண்டு பேரும் பிறந்த தேதியை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பத்தை மூடி வைப்பவர்கள்.

இளம் வாசகர்களுக்கு இதில் என்ன? ‘முடிச்சு என்ன பண்ணப் போறீங்க’ என்ற கேள்வி பெரியவரோடு நிற்காது. அடுத்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சங்க இலக்கியத்தில் தாவரப் பெயர்கள் என்று தலைப்பு வைத்தால், உங்களிடமும் அதைத்தான் கேட்பார்கள். ‘அவருக்கு வயசாயிடுச்சு, பயன் இல்ல’ என்று சொல்லி அவரை வெளியே அனுப்ப நீங்கள் ஒத்துக்கொண்டால், படிப்பின் தகுதி பயன்தான் என்று ஒத்துக்கொண்டாயிற்று. அப்புறம் அதே அளவுகோல் உங்கள் மேல் வரும்போது மறுக்க உங்களிடம் ஒரு சொல்லும் இருக்காது.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நேர்காணல் மதிப்பெண் தாளில் திறன், நிறுவனம், புதிய அறிவு என்று மூன்று பத்தி போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண், ஏன் என்று ஒரு வரி எழுதி விண்ணப்பித்தவரிடம் கொடுங்கள். வழிகாட்டியிடம் இடம் இல்லை என்றால் ‘இடம் இல்லை’ என்றே எழுதுங்கள். அந்தத் தாளில் ‘இந்த வயசுல’ என்று எழுத எந்தக் குழுவுக்கும் கை வராது.