யாப்பில்லாக் கவிதையின் ஓசை

உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் புதுக்கவிதை ஆகிவிடும் என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது. மரபுக்கவிதையில் அசையும் சீரும் தளையும் ஓசையைத் தருகின்றன. 1934ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’ இதழில் ந. பிச்சமூர்த்தி அவற்றை விட்டுவிட்டுக் கவிதை எழுதத் தொடங்கினார். ஆயினும் ஓசையை அவர் விட்டுவிடவில்லை. யாப்பு விலகிய இடத்தில் அவ்வேலையை வாக்கியமே ஏற்கவேண்டும்.

ஊரிலிருந்து தில்லிக்கு வரும் பாட்டியைப் பற்றி மாணவி ஒருத்தி எழுதுவதாகக் கொள்வோம்.

இரயில் வந்தது.
பாட்டி இறங்கினாள்.
பையைத் திறந்தாள்.
முறுக்குத் தந்தாள்.
அம்மா அழுதாள்.

ஐந்தும் இரண்டு சொல் வாக்கியங்கள். ஐந்தும் வினைமுற்றில் முடிகின்றன. வகுப்பில் வருகைப் பதிவு படிப்பது போன்ற ஓசையே கேட்கிறது. முறுக்குத் தந்ததும் அம்மா அழுததும் ஒரே எடையில் விழுகின்றன. அழுகை யாருக்கும் உறைப்பதில்லை. அவளே மாற்றி எழுதுகிறாள்:

இரண்டு இரவுகள் இரயிலில் அமர்ந்து,
புரியாத மொழிப் பேச்சுகளைக் கேட்டுக் களைத்து,
முறுக்கு நொறுங்காதபடி பையை மடியில் வைத்துக்கொண்டு
வந்து இறங்கினாள் பாட்டி.
அம்மா சிரிக்கவில்லை.
அழுதாள்.

முதல் நான்கு வரிகளும் ஒரே வாக்கியம், பதினேழு சொற்கள். அமர்ந்து, களைத்து, வைத்துக்கொண்டு என வினையெச்சங்கள் அடுக்கி வருகின்றன. எச்சம் முடியாத வினை. ஆகவே படிப்பவர் குரலும் இறங்காமல் வினைமுற்றுக்குக் காத்திருக்கிறது. பயணத்தின் நீளம் சொல்லப்படாமலே மூச்சில் தெரிகிறது. ‘இறங்கினாள்’ என்றதும் குரலும் இறங்குகிறது. எழுவாயாகிய ‘பாட்டி’ முன்னே வராமல் வினைமுற்றுக்குப் பின் வருவதால், யார் என்ற கேள்விக்கு விடை இறுதியில்தான் கிடைக்கிறது. அடுத்த வாக்கியம் இரண்டு சொல். அதற்கடுத்தது ஒரே சொல். நீண்டதன் பின் வருவதாலேயே அந்த ஒரு சொல் கனக்கிறது. தனியே நின்றால் அதற்கு அவ்வலிமை இல்லை.

இம்முறையும் மிகுந்தால் கெடும். ஐந்தாறு எச்சங்களுக்கு மேல் அடுக்கினால் செய்தவர் யார் என்பது மறந்துபோகும். எல்லா வாக்கியத்திலும் எழுவாயைப் பின்னே தள்ளினால் மேடைப்பேச்சுப் போல ஒலிக்கும். மேலுள்ள கவிதையில் அம்மாற்றம் ஒரு முறைதான் நிகழ்கிறது என்பதைக் கவனிக்க.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வரிகளையெல்லாம் ஒட்டி ஒரே பத்தியாக எழுதி, உரக்கப் படிக்க வேண்டும். குரல் அப்போதும் ஏறி இறங்கினால் ஓசை வாக்கியத்தில் உள்ளது. இல்லையெனில், வெறும் வரிமடிப்புத்தான் அதைக் கவிதைபோல் காட்டிக்கொண்டிருந்தது. வேறிடத்தில் மடித்துப் பார்ப்பதால் பயனில்லை, வாக்கியத்தையே மாற்றவேண்டும்.