நன்றிக்குள் ஒளிந்திருக்கும் குத்தல்



சிரமதானம் முடிந்தாலும், திருவிழா முடிந்தாலும், மாதர் சங்கக் கூட்டம் முடிந்தாலும் கடைசியில் ஒரு நன்றியுரை இருக்கும். சில நேரம் அதை எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரிலும் ஒட்டுவோம். நன்றி சொல்வதில் நம் மக்களுக்குக் குறை கிடையாது. ஆனால் நன்றி என்று சொல்லிக்கொண்டே ஒருவருடைய பழைய தவறை நாலு பேர் முன்னால் கிளறிவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து குழாயைத் திருத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் சுவரில் இப்படி ஒரு தாள்:

“இந்த முறையாவது நேரத்துக்கு வந்த ஐந்தாம் லயத்து இளைஞர்களுக்கு நன்றி. குடிக்காமல் வந்து குழாய் பொருத்திய அண்ணனுக்கு நன்றி. ஒருவழியாகக் கணக்கை ஒப்படைத்த பொருளாளருக்கு நன்றி. அவ்வளவு சொல்லியும் வராதவர்களுக்கும் நன்றி.”

நாலு வரியிலும் நன்றி இருக்கிறது. ஆனால் வாசிப்பவர் மனதில் நிற்பது நன்றி இல்லை. இளைஞர்கள் முன்பு தாமதமாக வந்தவர்கள், அண்ணன் குடிப்பவர், பொருளாளர் கணக்குக் காட்ட இழுத்தடித்தவர் என்பதுதான் நிற்கும். அவர்கள் தூக்கிய சேறும், மாற்றிய குழாயும் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

குத்தல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். முதல் வரியில் அது ‘ஆவது’ என்ற சின்ன ஒட்டில் இருக்கிறது. “இந்த முறை வந்தார்கள்” என்றால் செய்தி. “இந்த முறையாவது வந்தார்கள்” என்றால் போன முறை வரவில்லை என்ற குற்றச்சாட்டு. “அவர்கூட வந்தார்” என்பதில் ‘கூட’ செய்வதும் இதே வேலைதான். மூன்றாம் வரியில் ‘ஒருவழியாக’ அதைச் செய்கிறது. இரண்டாம் வரியில் ‘குடிக்காமல்’ என்ற எதிர்மறை. ஒருவர் செய்யாத ஒன்றைச் சொல்லி நன்றி கூறினால், வழக்கமாக அதைச் செய்பவர் என்று நாமே அறிவித்துவிடுகிறோம். “தட்டிக் கழிக்காமல்”, “சண்டை பிடிக்காமல்”, “போன தடவை மாதிரி இல்லாமல்” எல்லாம் இந்த வகைதான். கடைசி வரியில் ஒளிவு மறைவே இல்லை. நன்றி என்ற சொல்லே அங்கே கேலியாகிவிட்டது.

இவற்றில் அண்ணனைப் பற்றிய வரிதான் ஆக மோசம். குடியை விட முயற்சி செய்யும் ஒருவர், சம்பளமில்லாமல், தன் ஓய்வு நாளில் வந்து வேலை செய்திருக்கிறார். அந்தத் தாளை அவருடைய பிள்ளையும் வாசிக்கும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் வெளியே வந்ததும் வாசிப்பது இப்படிச் சுவரில் ஒட்டியிருப்பதைத்தான். அடுத்த சிரமதானத்துக்கு அவரைக் கூப்பிட்டால், “எனக்கு வேலை இருக்கு தம்பி” என்று ஒதுங்கிவிடுவார். ஏன் வரவில்லை என்று நாம் பிறகு குறைப்பட்டுக்கொள்வோம்.

ஒரு வரியில் குத்தல் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. போன மாதம்தான் தோட்டத்துக்கு மருமகளாக வந்த ஒரு பெண் அதை வாசிப்பதாக நினைத்துக்கொள்வோம். அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. வாசித்துவிட்டு, “ஏன், முன்னாடி என்ன நடந்தது?” என்று பக்கத்தில் நிற்பவரிடம் அவர் கேட்பாரானால், அந்த வரியை மாற்ற வேண்டும்.

மாற்றும்போது சொல்லை மட்டும் எடுத்தால் போதாது. ‘ஆவது’ என்பதை நீக்கினாலும் “நேரத்துக்கு வந்த இளைஞர்களுக்கு நன்றி” என்றுதான் மிஞ்சும். அவர்களுடைய தாமதத்தைத் தோட்டமே அறிந்திருந்தால் அதுவும் குத்தும். அதற்காக “வழக்கம்போல் நேரந்தவறாமல் வந்த” என்று தூக்கி எழுதினால் இன்னும் மோசம். உண்மையில்லாத புகழ்ச்சி கேலியாகத்தான் கேட்கும். ஆகவே பழைய பேச்சை விட்டுவிட்டு மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதலாம். என்ன செய்தார்? எவ்வளவு செய்தார்? அதனால் யாருக்கு என்ன நன்மை? அதே தாள் அப்போது இப்படி வரும்:

“ஞாயிறு காலை 7 மணி முதல் பகல் 12 மணி வரை நின்று தொட்டியின் சேற்றை அள்ளிய ஐந்தாம் லயத்து இளைஞர்கள் 11 பேருக்கும் நன்றி. கசிந்துகொண்டிருந்த 3 குழாய் மூட்டுகளை மாற்றிப் பொருத்திய அண்ணனுக்கு நன்றி. இப்போது கடைசி லயத்துக்கும் தண்ணீர் வருகிறது. சேர்த்த பணத்துக்கும் வாங்கிய சாமான்களுக்கும் பற்றுச்சீட்டோடு கணக்குக் காட்டிய பொருளாளருக்கு நன்றி. தொட்டியைச் சுற்றி வேலி கட்டும் வேலை வரும் ஞாயிறு நடக்கும். இந்த முறை வர முடியாதவர்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. யாரையும் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. மருமகள் வாசித்தால், கடைசி லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் யார் என்று தெரிந்துகொள்வார். வராதவர்களுக்கும் திட்டுக்குப் பதில் ஒரு தேதி கிடைத்திருக்கிறது. வீட்டில் காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு வராமல் போன அக்காவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

“அப்படியானால் தவறைக் கேட்கவே கூடாதா?” என்று சிலர் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கணக்கு மூன்று மாதம் பிந்தினால், அது எல்லாருடைய பணம். ஆனால் அதற்கு இடம் கமிட்டிக் கூட்டம். “அண்ணே, கணக்கு ஏன் பிந்தியது? இனி ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காட்ட முடியுமா?” என்று நேரே கேட்டால் அவர் பதில் சொல்லலாம், நாமும் முடிவெடுக்கலாம், முடிவைக் கூட்டக் குறிப்பிலும் எழுதலாம். நன்றியுரையில் இடித்துக் காட்டினால் அவரால் எழுந்து பதில் சொல்லவும் முடியாது. பதில் சொன்னால், “நன்றிதானே சொன்னோம், ஏன் கோபப்படுகிறீர்கள்?” என்று கேட்போம். கணக்கும் சரியாகாது, மனிதரையும் இழப்போம்.

தோட்ட நிர்வாகத்துக்கு எழுதும்போதும் இரண்டையும் பிரித்தே எழுதுவது நல்லது. “பல கடிதம் எழுதிய பிறகாவது குழாய் தந்ததற்கு நன்றி” என்று எழுதினால் நம் கோபம் கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான். குழாய் கிடைத்ததற்கு ஒரு வரியில் நன்றி எழுதுவோம். தாமதத்தைத் தனிப் பந்தியில், முதல் கடிதம் கொடுத்த தேதி, குழாய் வந்த தேதி, இடையில் எத்தனை குடும்பங்கள் பீலியில் வரிசை நின்றன என்று எழுதுவோம். நாளை பேச்சுவார்த்தை மேசையில் காட்டுவதற்கு அந்தத் தேதிகள்தான் உதவும்.

திருந்திய ஒருவரைப் பாராட்ட ஆசை இருந்தால் தாராளமாகப் பாராட்டலாம். அதை அவரிடம் தனியாகச் சொல்வோம். மலையிலிருந்து இறங்கி வரும்போது, “அண்ணே, உங்களைப் பார்க்கச் சந்தோசமா இருக்கு” என்றால் போதும். எதற்காகச் சொல்கிறோம் என்று அவருக்குப் புரியும். பழைய கதையை ஊர் அறியச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.