தடிப்பு அடங்கினால் ஆபத்து அடங்கிவிட்டதா?

சாப்பிட்டுக் கை கழுவிய சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துத் தினவெடுத்தால், நம் வீடுகளில் அதற்கென்று ஒரு பெயரும் ஒரு வைத்தியமும் தயாராக இருக்கின்றன. பெயர், காணாக்கடி. வைத்தியம், அந்தக் காலத்தில் வெற்றிலையும் மிளகும். இப்போது மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஒரு செட்ரிசின் அல்லது அவில். ‘மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு, காலையில் சரியாகிவிடும்’ என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. இந்த அறிவுரை இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. இது தோலோடு நிற்கும் சமாச்சாரம், மாத்திரை இதன் வேரைப் பிடித்துவிடும், போன தடவை ஒன்றும் ஆகாததால் இந்தத் தடவையும் ஆகாது. மூன்றும் தவறு, உதடோ முகமோ வீங்கும் சிலரின் விஷயத்தில் உயிருக்கே ஆபத்தான தவறு.

முதலில் தோல். நம் தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்னும் அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வாத உணவின் புரதம் ரத்தத்தில் கலந்ததும் அவை வெடித்ததுபோல் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய, அந்த நீர் தோலின் மேலடுக்கில் தேங்கினால் தடிப்பு. அதே கசிவு ஆழமான அடுக்கில் நடந்தால் வீக்கம். இமை, உதடு, நாக்கு போன்ற தளர்ந்த திசுவுள்ள இடங்களில் அது சட்டென்று தெரியும். இதுவரை எல்லாமே தோலில்தான். ஆனால் மாஸ்ட் செல்கள் தொண்டையிலும் மூச்சுக் குழலிலும் குடலிலும் ரத்தக் குழாய்களைச் சுற்றியும் இருக்கின்றன. அங்கேயும் அவை கொட்ட ஆரம்பித்தால் குரல்வளை வீங்கும், மூச்சு இழுக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இந்த நிலைக்குத்தான் அனாபிலாக்சிஸ் என்று பெயர். ஆகவே எத்தனை தடிப்பு, எவ்வளவு பெரிய தடிப்பு என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. தோலைத் தவிர வேறெங்கே கை வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அனாபிலாக்சிஸ் வந்தவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை தோலில் எதுவுமே இல்லாமல் வருகிறார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு: புத்தகப் படங்களில் வரும் சிவப்பு நமக்குத் தெரியாது. கையால் தடவினால் மேடு தட்டும், அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டை நேரம் வைத்துப் பார்ப்போம். வரவேற்பு விருந்தில் ஒருவர் இரவு 8.30-க்கு இறால் தொக்கு சாப்பிடுகிறார். 8.40-க்கு வாயும் அண்ணமும் அரிக்கின்றன. 8.45-க்கு மணிக்கட்டிலும் கழுத்திலும் தடிப்பு. 8.50-க்கு மேலுதடு கனக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. யாரோ மாத்திரை தருகிறார்கள், விழுங்குகிறார். 9 மணிக்கு அவர் இரண்டு மூன்று முறை தொண்டையைக் கனைக்கிறார். குரல் சளி பிடித்ததுபோல் மாறியிருக்கிறது. வயிற்றைப் பிசைந்து வாந்தி வருகிறது, போட்ட மாத்திரையும் அதோடு போகிறது. 9.10-க்கு முகம் கழுவ எழுந்து நின்றவர் கண்ணை இருட்டிக்கொண்டு சரிகிறார். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது உதட்டை. பார்த்திருக்க வேண்டியது அந்தக் கனைப்பை. ஆபத்து தொண்டைக்கு இறங்கியதை முதலில் சொன்னது அதுதான். எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு தடித்துப் பேச்சு குழறுவது, மூச்சில் விசில் சத்தம், விடாத இருமல், குழந்தையானால் திடீரென்று துவண்டு வெளுத்துப்போவது எல்லாம் அந்த வகை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது வீட்டு வைத்தியத்துக்குரிய நேரம் அல்ல.

இரண்டாவது, மாத்திரை. செட்ரிசினும் அவிலும் ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடங்களை அடைக்கின்றன. அரிப்பும் தடிப்பும் ஹிஸ்டமினால் வருபவை என்பதால் அவை அடங்குவது உண்மை. ஆனால் வாய்வழி மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வேலை செய்யத் தொடங்கிய பிறகும் அது குரல்வளை வீக்கத்தை இறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. பிரிட்டனில் அனாபிலாக்சிஸால் இறந்தவர்களின் விவரங்களைத் தொகுத்து பம்ஃப்ரி என்ற மருத்துவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உணவால் இறந்தவர்களுக்குச் சாப்பிட்டதிலிருந்து இதயமோ மூச்சோ நிற்க ஆன நேரத்தின் நடுமதிப்பு 30 நிமிடம். மாத்திரை வாய்க்குள் போய் ரத்தத்தில் ஏறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிற கணக்கு இது. போதாததற்கு அவில் தூக்கத்தையும் தரும். மயங்குகிறாரா தூங்குகிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும். வெற்றிலைக் கஷாயம் பற்றி ஒரே சொல்: நாக்கு வீங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அனாபிலாக்சிஸுக்கு மருந்து அட்ரினலின் ஊசி. கசியும் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, மூச்சுக் குழலை விரிக்கிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். சில நிமிடங்களில் தெளியாவிட்டால் மறுபடியும் போடுவார்கள். விலை குறைந்த, பழைய மருந்து. ‘அது இதயத்தைப் படபடக்க வைக்குமே, வயதானவருக்கு ஆபத்தாகாதா?’ என்ற தயக்கம் மருத்துவம் தெரிந்தவர்களிடமும் உண்டு. படபடக்கும், கை நடுங்கும், சிறிது நேரத்தில் போய்விடும். பயப்படத்தக்க விளைவுகள் பெரும்பாலும் அதை ரத்தக் குழாயில் நேராகச் செலுத்துவதால் அல்லது அளவு தவறுவதால் வருபவை. தொடைத் தசையில் சரியான அளவில் போடுவதற்கு, அனாபிலாக்சிஸ் நேரத்தில் முற்றான தடை என்று எதுவும் இல்லை. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். பிரிட்டனின் உயிர்காப்புக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஸ்டீராய்டையும் ஹிஸ்டமின் எதிர் மருந்தையும் முதல் சிகிச்சைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே ‘ஊசி போட்டாயிற்று’ என்பது பதில் ஆகாது. என்ன ஊசி என்பதுதான் பதில்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அரித்தவர்கள் எல்லாம் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டுமா? வேண்டாம். திடீர்த் தடிப்புகளில் பெரும்பகுதிக்கு உணவே காரணம் அல்ல. குழந்தைகளுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலின்போதும், பெரியவர்களுக்கு வலி மாத்திரை போட்ட பிறகும் அதே தடிப்பு வரும். அன்று மத்தியானம் சாப்பிட்டது சும்மா பழியைச் சுமக்கும். சரியாக ஐஸில் வைக்காத சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் தானாகவே ஊறியிருக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. ஒரே குழம்பைச் சாப்பிட்ட நான்கு பேருக்கும் முகம் சிவந்து எரிந்தால் அது ஒவ்வாமை அல்ல, மீன் கெட்டதால் வந்த நஞ்சு. தடிப்பு மட்டும் இருந்து, மூச்சும் குரலும் வயிறும் தெளிவாக இருந்தால் செட்ரிசின் சரியான மருந்துதான். மறுக்கப்படுவது மாத்திரை அல்ல. அதைப் போட்டுவிட்டுத் தனியறையில் தூங்கப் போவதுதான். உதடோ இமையோ வீங்கியிருந்தால் ஒரு படி மேலே போக வேண்டும்: அட்ரினலின் உள்ள மருத்துவமனைக்குப் போய் அங்கே உட்கார்ந்து கவனிப்பதுதான் முறை. அடங்கிய பிறகு சில மணி நேரம் கழித்து, மறுபடி எதையும் சாப்பிடாமலே இரண்டாவது அலை வருவது சிலருக்கு உண்டு. மருத்துவர் ‘இருந்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்வது பில் ஏற்ற அல்ல.

மூன்றாவது, ‘போன தடவை ஒன்றும் ஆகவில்லையே.’ இந்த வாதத்தை உடைத்த சோதனைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. பிரான்சின் ஷார்ல் ரிஷேயும் போர்ட்டியேவும் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் செலுத்தினார்கள். பழக்கினால் தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் முறை தாங்கிய ஒரு நாய், சில வாரம் கழித்து அதே அளவைச் செலுத்தியபோது அரை மணி நேரத்துக்குள் இறந்துபோனது. 1902-இல் அவர்கள் இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. போன முறை வெறும் தடிப்போடு போனவருக்கு அடுத்த முறை என்ன நடக்கும் என்பதை முந்தைய அனுபவத்தை வைத்துக் கணிக்க முடியாது. சாப்பிட்ட உடன் ஓடியது, மது குடித்தது, வலி மாத்திரை போட்டது, காய்ச்சலோடு இருந்தது போன்ற துணைக் காரணங்கள் சேர்ந்தால் அதே இறால் வேறு விதமாக நடந்துகொள்ளும். நன்றாக வேகவைத்தால் போகும் என்பதும் வீண். இறாலின் முக்கிய ஒவ்வாமைப் புரதமான ட்ரோபோமயோசின் சூட்டைத் தாங்கும்.

ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் தனிக் கணக்கு. அவர்களுக்கு உதடும் நாக்கும் அரிப்போ தடிப்போ இல்லாமல் மெதுவாக வீங்கினால் காரணம் அன்றைய சாப்பாடாக இருக்காது, அந்த மாத்திரையாகவே இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்தவருக்கும் இது வரும். இங்கே வேதிப்பொருள் ஹிஸ்டமின் அல்ல, பிராடிகினின். எனவே செட்ரிசின் எத்தனை போட்டாலும் பயனில்லை. மாத்திரை அட்டையைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

கடைசியாக, கூட்டிப் போகும் விதம். அழுத்தம் விழுந்தவரை எழுப்பி நடக்கவைத்ததாலும், நேராக உட்காரவைத்ததாலும் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் நேர்ந்த மரணங்களை அதே பம்ஃப்ரி பதிவு செய்திருக்கிறார். இருவருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து விரைவது நம் ஊர் வழக்கம். அதுதான் மிக மோசமான வழி. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவையுங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 108-ஐ அழைக்கும்போது ‘அலர்ஜி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; ‘சாப்பிட்டு இருபது நிமிடத்தில் உதடு வீங்கிவிட்டது, குரல் மாறிவிட்டது’ என்று சொல்லுங்கள்.