தாம்பரம் வரைக்கும் ஒரு வழியனுப்பல்

எங்க வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், ரசம் வர்றதுக்குள்ள நான் ஒரு கதை சொல்லிடுவேன். தங்கமணி கண்ணாலேயே 'மறுபடியுமா' என்பார். சொந்த அனுபவம்தாங்க.

மாமியாரைத் திருச்சிக்கு ரயிலேத்திவிட எழும்பூர் போனேன். சாமானை உள்ளே வைக்க ஏறினேன், வண்டி கிளம்பிடுச்சு. கையில பிளாட்பார டிக்கெட், காலில ரப்பர் செருப்பு. தாம்பரத்துல இறங்கி, வண்டி கண்ணுல இருந்து மறைஞ்ச பிறகுதான் தோள் வலிக்குதேன்னு பார்த்தேன். மாட்டியிருந்தது, அத்தையோட பை.

இதை முதல் தடவை சொன்னப்போ யாருமே சிரிக்கலை. ஏன்னா, கிண்டியில எவ்வளவு நேரம் மாட்டிக்கிட்டோம், எந்த கோச், சீட் நம்பர் என்னன்னு எல்லாத்தையும் சொன்னேன். பாதியில ஒருத்தர், "பல்லவனா? அது இப்பல்லாம் கரெக்ட் டைமுக்குக் கிளம்புதா?"ன்னு கேட்டார். அதோட பேச்சு ரயில்வேக்குப் போயிடுச்சு. அன்னைக்குப் புரிஞ்சது: கேட்கிறவங்க பிடிச்சுக்கிட்டுப் போகிற மாதிரி ஒரு பெயர் இருந்தா, அது கடைசி வரிக்கு உதவணும். இல்லைன்னா வெட்டிடணும். இப்ப வண்டிக்குப் பேரே கிடையாது. திருச்சி வண்டி, அவ்வளவுதான்.

ஆனா பையை வெட்ட முடியாது. முதல்லயே அது வரலைன்னா, கடைசியில எங்கிருந்து முளைச்சதுன்னு முழிப்பாங்க. ரொம்ப அழுத்திச் சொன்னாலோ யூகிச்சுடுவாங்க. அதனால நடுவில ஒளிச்சு வைக்கிறேன்: "ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு கூடை நிறைய மாம்பழம்." மாம்பழத்துல எல்லார் கவனமும் போயிடும். பை பேசாம உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, கடைசி வரி. நம்ம தமிழ்ல வாக்கியம் வினையில முடியும். "அத்தையோட பை என் தோள்லயே மாட்டியிருந்தது"ன்னு சொன்னா, பை வந்த உடனே விஷயம் உடைஞ்சிடும், மிச்ச வார்த்தைகள் சிரிப்பு மேல விழும். திருப்பிப் போட்டு, பையைக் கடைசி வார்த்தையா வைக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிப்பேன். இடைவெளி விட்ட மாதிரியும் தெரியாது. ஆனா யாராவது "சாம்பார் போடட்டுமா?"ன்னு கரண்டியோட நின்னா வாயைத் திறக்கக் கூடாது. ரசம் வாயில இருக்கறவரைப் பார்த்தும் சொல்லக் கூடாது, புரையேறிடும் (நிஜமாவே ஒருத்தருக்கு ஏறிச்சு). சொல்லி முடிச்சதும் நிறுத்திடணும். "பதட்டத்துல கவனிக்கலை"ன்னு விளக்கம் கொடுத்தா போச்சு. யாராவது "அப்புறம்?"னு கேட்டா, முடிவு போய்ச் சேரலைன்னு அர்த்தம்.

இதெல்லாம் தொழில்நுட்பம். நான் சொல்ல வந்த விஷயம் வேற.

ஒரு நாள் அத்தையும் சாப்பாட்டு மேசையில இருந்தாங்க. கதையைச் சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அத்தையும் சிரிச்சாங்க. சிரிப்பு அடங்கினதும் மெதுவா, "அன்னைக்கு ராத்திரி பிரஷர் மாத்திரை போடாமத்தான் படுத்தேன் மாப்பிள்ளை. டாக்டர் சீட்டும் அந்தப் பையிலதான் இருந்தது"ன்னாங்க.

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. மறுநாள் காலையில பையைத் தூக்கிக்கிட்டுத் திருச்சிக்கு ஓடினதே நான்தானே! கதைக்கு இடைஞ்சல்னு வெட்டிட்டேன். வெட்டி வெட்டி, கடைசியில எனக்கே மறந்து போச்சு.

அதனால என் கருத்து இதுதான். கிண்டி நெரிசலும் கோச் நம்பரும் என்னோடது, வெட்டலாம். அடுத்தவங்க பட்ட கஷ்டத்தை அவங்களைக் கேட்காம வெட்ட எனக்கு உரிமை இல்லை, முக்கியமா அவங்க எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது. "கதைக்காகத்தானே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. சரிதான், ஆனா சிரிப்பு எனக்கு, மாத்திரையில்லாத ராத்திரி அவங்களுக்குன்னா அது என்ன கணக்கு?

அதுக்கப்புறம் அத்தை இருந்தா, "சொல்லட்டுமா?"ன்னு அவங்க முகத்தைப் பார்ப்பேன். போன பொங்கலுக்குத் தலையாட்டினாங்க. தாம்பரம் வரைக்கும் வந்து, தண்ணி டம்ளரை எடுத்தேன். நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அத்தை சொன்னாங்க:

"என்னை வழியனுப்ப வந்தவர், பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனது என் பையை."

நான் இத்தனை வருஷம் சொன்னதைவிடப் பெரிய சிரிப்பு. பையைக் கடைசியில வைக்கணும்னு அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியலை :-)