சலவை மெஷினுக்கும் ஒரு குளியல்

துணி துவைக்கிற மெஷினுக்குத் தனியாகக் குளியல் எதற்கு, அதுதான் தினமும் சோப்புத் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கிறதே என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் மூடியைத் திறந்து பார்க்கும்போது பளபளவென்று தெரிகிறதே ஓட்டை ஓட்டையான எவர்சில்வர் தொட்டி, அது உள்தொட்டி. அதைச் சுற்றி வெளியே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. தண்ணீர் நிற்பது அதில்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நம் கையும் போகாது, கண்ணும் போகாது. கரையாத சோப்புத்தூள், துணியிலிருந்து வரும் எண்ணெய், உடம்பு அழுக்கு, பஞ்சு எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயாத இடமாகையால் அதன்மேல் பாசிபோல ஒரு வழவழப்பும் படரும். அந்தச் சந்தைக் கழுவத்தான் மெஷினில் Tub Clean அல்லது Drum Clean என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கூத்தாநல்லூரில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். அதனால் மெஷினுக்குக் குறைவில்லை. பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் குறைவு. அழுத்துகிறவர்களும் எந்தப் பொடியைப் போடுவது என்பதில் தடுமாறுகிறார்கள். இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு இளம் தாய், கைக்குழந்தைக்காரி. மேல்மூடி மெஷின், வாங்கி நாலு வருஷம். ஒருநாள் குழந்தையின் வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்களேன். துவைச்சு எடுத்தா கருகின அப்பளத்தூள் மாதிரி ஒட்டியிருக்கு. கலர் துணி சாயம்னு மாமி சொல்றாங்க. கடையில பொடி வாங்கி ரெண்டு தடவை டப் கிளீன் போட்டுட்டேன், போகவே மாட்டேங்குது."

சாயமாக இருந்தால் துணியில் பரவும், துணுக்காக உதிராது. அவள் வாங்கிய பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். 'டீஸ்கேலிங் பவுடர்' என்று எழுதியிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. பொடியில் குற்றமில்லை. நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

மெஷினுக்குள் சேர்வது இரண்டு வகை. ஒன்று உப்புப் படிவு. கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளையாய், சொரசொரப்பாய், கல்போலப் படிவது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதேதான். இதைக் கரைக்க அமிலம் வேண்டும். டீஸ்கேலிங் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, அல்லது அதைப் போன்ற வேறொரு அமிலம்.

இன்னொன்று எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் சேர்ந்த கசடு. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், வாடையும் வரும். இதை அமிலம் அசைக்காது. இதற்கு ஆக்ஸிஜன் பிளீச் வேண்டும். பாக்கெட்டின் பின்புறத்தில் 'சோடியம் பெர்கார்பனேட்' என்று இருக்கிறதா பாருங்கள். வெந்நீரில் கரைந்ததும் நுரைபோலப் பொங்கி, கசடை உரித்து எடுப்பது அதுதான். முன்பக்கத்தில் 'டப் கிளீனர்', 'டிரம் கிளீனர்' என்று எதைப் போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். பின்பக்கத்து எழுத்துதான் விஷயம். பொடி எழுத்தாகத்தான் இருக்கும், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது படியுங்கள்!

உங்கள் வீட்டில் எது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உதிர்ந்த துணுக்கை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மைபோல இழுவிக்கொண்டு போனால் பிசுக்கு. மணல்போல நறநறவென்றால் உப்பு. சந்தேகமிருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சுண்ணாம்பு என்றால் சின்னக் குமிழி கிளம்பும். அந்தப் பெண் வீட்டுத் துணுக்கு விரலில் இழுவியது, சாறு விட்டும் அப்படியே கிடந்தது. ஆனால் சோப்புத்தூள் போடும் பெட்டியின் ஓரத்திலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொருக்கு குமிழி விட்டது. ஆக, அவள் மெஷினில் இரண்டுமே இருந்தது. இப்படி இருந்தால் பிசுக்கை முதலில் எடுக்க வேண்டும். அது உப்பின்மேல் போர்வைபோல மூடியிருப்பதால் அமிலம் உள்ளே போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். முதலில் பஞ்சு சேரும் வலையைக் கழற்றிக் கழுவி மாட்டினோம். Tub Clean வைத்து, தொட்டியில் பாதித் தண்ணீர் ஏறியதும் நிறுத்தி, இரண்டு பெரிய வாளி வெந்நீரை ஊற்றினோம். இந்த வெந்நீர் ஏன் என்றால், மேல்மூடி மெஷின்கள் பலவற்றில் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பெர்கார்பனேட் சோம்பேறியாக வேலை செய்யும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, அது பிளாஸ்டிக் தொட்டி. கலந்த பிறகு 40லிருந்து 50 டிகிரி, கை வைத்தால் நல்ல சூடு என்று தெரிகிற அளவு போதும். பிறகு 300 கிராம் பொடியை ஒரு வாளி வெந்நீரில் கரைத்து ஊற்றி, மேல்மட்டம்வரை தண்ணீர் ஏறவிட்டோம். பாக்கெட் அளவு 100 கிராம்தான் இருக்கும். மாதாமாதம் செய்கிறவர்களுக்கு அது சரி. நாலு வருஷக் கசடுக்கும் ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீருக்கும் அது காணாது.

பத்து நிமிஷம் சுற்றவிட்டு, நிறுத்தி, இரண்டு மணி நேரம் ஊறவைத்தோம். ராத்திரி முழுக்க வேண்டாம். உள்ளே அலுமினியப் பாகம் இருந்தால் காரம் அதை அரிக்கும். இப்படி நீண்ட நேரம் நிறுத்தினால் சில மெஷின்கள் தானே அணைந்துவிடும். பயப்படாமல் மறுபடி போட்டுத் தொடருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊறும் நேரத்தில் மூடியை மூடி, தவழுகிற, நடக்கிற குழந்தைகள் பக்கத்தில் வராமல் பாருங்கள். தொட்டி நிறையச் சூடான காரத் தண்ணீர் நிற்கிறது. பொடி கரைத்த தண்ணீரை மீதியென்று பாட்டிலில் ஊற்றி மூடியும் வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும்.

மூடியைத் திறந்தால், மீன்குளத்துப் பாசிபோலக் கறுப்புக் கறுப்பாய் மேலே மிதந்தது. "இதுலதானா புள்ளை துணியைத் துவைச்சேன்!" என்று அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. டீ வடிகட்டியால் வாரி எடுத்தோம். அப்படியே வடியவிட்டால் அதெல்லாம் குழாயில் போய் அடைக்கும். அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓட்டினோம். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று சலவைக்குத் துணுக்கு வரத்தான் செய்யும். அந்தச் சலவைகளில் மிதியடியும் பழைய துண்டும் போகட்டும், குழந்தை துணி வேண்டாம்.

மறுவாரம் அதே முறையில் அவளிடமிருந்த டீஸ்கேலிங் பொடி, பாக்கெட்டில் சொன்ன அளவு. இரண்டையும் ஒரே நாளில் ஏன் போடவில்லை என்றால், காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடும், காசுதான் தண்டம். இன்னொரு கலவை இருக்கிறது, அது தண்டமில்லை, ஆபத்து. குளோரின் உள்ள பிளீச்சோடு சிட்ரிக் ஆசிட், வினிகர், டீஸ்கேலர் எதுவும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். நம் பக்கத்தில் கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரையும் மெஷினில் கொட்டாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பு கரையாமல் உள்ளே தங்கும்.

அவள் வீட்டில் கசடு இவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம் தேடினால் எல்லாம் அன்றாட விஷயம். எண்ணெய்க் குளியல் துண்டும் தலையணை உறையும் பச்சைத் தண்ணீரில் போவது, பொடியைக் கண்ணளவில் கொட்டுவது, மணத்துக்காகக் கண்டிஷனர் ஊற்றுவது, துவைத்ததும் மூடியை மூடிவிடுவது. எண்ணெய்த் துண்டை முதலில் சோப்பு வெந்நீரில் தனியே அலசிவிட்டுப் போட்டாலே பாதிப் பிசுக்கு குறையும். வெளிநாடு போகிறவர்கள் மெஷினைக் காயவைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.

சரி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை? நாளைக் கணக்கிடாதீர்கள், சலவையைக் கணக்கிடுங்கள். முப்பது நாற்பது சலவைக்கு ஒரு முறை ஆக்ஸிஜன் பிளீச்சோடு Tub Clean. சில சாம்சங் மெஷின்களில் சுமார் 40 சலவை ஆனதும் விளக்கே எரிந்து நினைவூட்டும். தினமும் போடுகிற பிள்ளைக்காரி வீட்டில் அது மாதம் ஒன்று. வாரம் இரண்டு முறை போடுகிற வயதான தம்பதிக்கு நாலு மாதத்துக்கு ஒன்று. மாதத்துக்கு நாலு தடவை போட்டால் இன்னும் சுத்தமாகும் என்பது வீண் ஆசை. தண்ணீர் வாளி வாளியாகப் போவதுதான் மிச்சம்.

டீஸ்கேலிங் உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. பாட்டிலில் பாதித் தண்ணீர் விட்டு, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்மையான தண்ணீர். திரிதிரியாய்ப் பால் திரிந்ததுபோல மிதந்தால் கடினத் தண்ணீர். கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணீர் 200க்குள் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அமிலம் போதும். மிகவும் கடினம் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. வினிகரை அடிக்கடி ஊற்றுகிற பழக்கம் வேண்டாம், ரப்பர் பாகங்கள் கெடும்.

முன்கதவு மெஷின்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மெஷினில் ஹீட்டர் உண்டு, அது தானே தண்ணீரைச் சூடாக்கிக்கொள்ளும், வெந்நீர் சுமக்க வேண்டாம். ஆனால் சில மாடல்களின் புத்தகத்தில் Drum Clean போடும்போது எந்தப் பொடியும் போடக் கூடாதென்றே அச்சிட்டிருக்கிறது. இன்னும் சில புத்தகங்கள் போடச் சொல்கின்றன. இதில் என் பேச்சைவிட உங்கள் மெஷினின் புத்தகம் பெரியது. கதவு ரப்பரின் மடிப்பை மட்டும் விரித்து ஈரத்துணியால் துடையுங்கள், அங்கே ஓடும் தண்ணீர் சரியாகப் போகாது.

இரண்டு முறை ஒழுங்காகச் செய்தும் வாடை போகவில்லையென்றால் மூன்றாவது பாக்கெட் வாங்காதீர்கள். வடிகுழாய் சாக்கடைக்குள் முங்கியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் குறையில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு உள்தொட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்வதுதான் வழி. கசடு கட்டியாய் இறுகிய பிறகு எந்தப் பொடியும் அதை முழுதாக எடுக்காது.